கடைசி ஆர்டர்: எத்தனை சிப் வாங்கி வைப்பது?

2024 ஏப்ரல் நடுவில் ஸைலாக் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. 1976 முதல் விற்பனையில் இருக்கும் இசட்-80 நுண்செயலியின் தனிச் சிப் தயாரிப்பு நிற்கப்போகிறது. வேண்டுபவர்கள் ஜூன் 14க்குள் கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே செய்தி. அந்தச் சிப்புக்கான சிலிக்கான் வில்லைகளைத் தயாரித்துக் கொடுத்துவந்த வெளி ஆலை அந்த வேலையை நிறுத்துவதுதான் காரணம்.

பாக்-மேன் விளையாட்டு இயந்திரமும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியும் இந்தச் சிப்பில் ஓடியவை என்பதால், பலர் அதைப் பழைய நினைவுகளோடு படித்தார்கள். தொழிற்சாலைக் கருவிகளில் அந்தச் சிப்பை வைத்து விற்றுவந்த நிறுவனங்களுக்கோ அது நினைவுகளுக்கான நேரமாக இல்லை. இரண்டு மாதத்துக்குள் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். அதன் பிறகு தயாரிப்பாளரிடமிருந்து ஒரு சிப்கூட வராது.

மின்னணுத் தொழிலில் இதற்கு ‘லாஸ்ட் டைம் பை’ என்று பெயர், கடைசிக் கொள்முதல். செமிகண்டக்டர் தொழிலின் தரநிலை அமைப்பான ஜெடெக் வகுத்த நடைமுறைப்படி, அறிவிப்புக்குப் பிறகு கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 6 மாதமும் கடைசிச் சரக்கு அனுப்புவதற்கு 12 மாதமும் தர வேண்டும். எல்லா நேரமும் அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. மாறாக, 2006இல் அறிவித்துவிட்டு 2007 செப்டம்பர் வரை 386 சிப்பைத் தயாரித்துக் கொடுத்த இன்டெல் போலத் தாராளமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. அவகாசம் எவ்வளவாக இருந்தாலும் நிபந்தனை பெரும்பாலும் ஒன்றுதான்: கொடுத்த ஆர்டரை ரத்து செய்ய முடியாது, வாங்கிய சரக்கைத் திருப்பித் தர முடியாது.

பர்ச்சேஸ் அதிகாரியின் மேஜைக்கு இந்த அறிவிப்பு வந்ததும் முதலில் தோன்றும் கணக்கு எளிமையானது. போன வருடம் எத்தனை சிப் செலவானது, இன்னும் எத்தனை வருடம் வேண்டும், இரண்டையும் பெருக்கு. அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதை ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு தேவைகள், இரண்டு வடிவங்கள்

நூற்பாலை இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் போர்டு தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இயந்திரத்துக்கு ஒரு போர்டு, ஒரு போர்டில் ஒரு சிப். சிப்பின் விலை 400 ரூபாய். நாடெங்கும் 6,000 இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் புதிதாக 600 விற்றன. பழுதுபார்ப்புக்கு 60 சிப்கள் செலவாயின. வேறு சிப்பை வைத்துப் புதிய போர்டு வடிவமைத்து, சோதித்து, விற்பனைக்குக் கொண்டுவர இரண்டு வருடம் ஆகும். கடைசியாக விற்ற இயந்திரத்துக்கும் 10 வருடம் சர்வீஸ் தருவதாக ஒப்பந்தம். ஆக மொத்தம் 12 வருடத்துக்குச் சிப் வேண்டும்.

பெருக்கல் கணக்குப்படி வருடத்துக்கு 660 வீதம் 12 வருடத்துக்கு 7,920 சிப். ஏறத்தாழ 32 லட்சம் ரூபாய். உண்மையான தேவை இதில் ஐந்தில் ஒரு பங்குதான். காரணம், அந்த 660க்குள் ஒன்றோடொன்று சேராத இரண்டு தேவைகள் இருக்கின்றன.

முதலாவது, புதுத் தயாரிப்புக்கான தேவை. புதிய போர்டு வந்த நாளில் இது சட்டென்று பூஜ்யமாகிவிடும். விற்பனைப் பிரிவு அடுத்த இரண்டு வருடத்துக்கு 500, 400 என்று மதிப்பிடுகிறது, ஆக 900. போர்டில் பொருத்தும்போதும் சோதிக்கும்போதும் நூற்றுக்கு இரண்டு வீணாகும் என்றால் இன்னும் 18. இந்தத் தேவை 918இல் முடிகிறது.

இரண்டாவது, பழுதுபார்ப்புக்கான தேவை. இதற்கும் இந்த வருட விற்பனைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. களத்தில் ஓடும் இயந்திரங்களின் எண்ணிக்கையோடுதான் தொடர்பு. அந்த எண்ணிக்கை விற்பனை இருக்கும்வரை கொஞ்சம் ஏறும், பிறகு ஆலைகள் பழைய இயந்திரங்களைக் கழிக்கக் கழிக்க இறங்கும். நம் நிறுவனத்தில் முதல் வருடம் சராசரியாக 6,200, இரண்டாம் மூன்றாம் வருடங்களில் 6,500, பிறகு படிப்படியாகக் குறைந்து 12ஆம் வருடம் 1,300 என்று மதிப்பிடுகிறார்கள். வருடவாரியாகக் கூட்டினால் 54,300 ‘இயந்திர வருடங்கள்’ வருகின்றன. ஓர் இயந்திரம் ஒரு வருடம் ஓடினால் அது ஓர் இயந்திர வருடம்.

இனி வேண்டியது, ஓர் இயந்திர வருடத்துக்கு எத்தனை சிப் செலவாகும் என்பது. நூறு இயந்திரத்தில் வருடத்துக்கு மூன்று போர்டுகள் பழுதாகித் திரும்பி வருகின்றன. அவற்றில் இரண்டு, கெபாசிட்டரோ ரிலேவோ மாற்றினால் சரியாகிவிடும். மூன்றில் ஒன்றுக்குத்தான் சிப் தேவைப்படுகிறது. ஆக வருடத்துக்கு 1 சதவீதம். 54,300 இயந்திர வருடத்துக்கு 543 சிப்.

ஆனால் வயதாக ஆக போர்டுகள் அதிகம் பழுதாகும். ஆறாம் வருடத்திலிருந்து இந்த வீதம் 1.5 சதவீதமாக ஏறும் என்று சர்வீஸ் பிரிவு சொன்னால், முதல் ஐந்து வருடத்தின் 31,200 இயந்திர வருடங்களுக்கு 312, பின் ஏழு வருடத்தின் 23,100க்கு ஏறத்தாழ 346, மொத்தம் 658. இயந்திரங்கள் குறைந்துகொண்டிருக்கும்போதே ஒரு வருடம் தேவை கூடுவதை இதில் காணலாம். ஐந்தாம் வருடம் 58 சிப் கேட்ட இயந்திரங்கள் ஆறாம் வருடம் 80 கேட்கும். விற்பனை குறைகிறதே, உதிரியும் குறையும் என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இரண்டையும் கூட்டினால் எதிர்பார்க்கும் தேவை 1,576.

பதிவேட்டில் உள்ள எண் உண்மையா?

இந்தக் கணக்குக்குள் போகும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. பெரிய பிழைகள் கூட்டல் கழித்தலில் நடப்பதில்லை, மூல எண்களில்தான் ஒளிந்திருக்கும்.

சர்வீஸ் பட்டறையில் ‘செலவான சிப்’ என்பதும் ‘பழுதான சிப்’ என்பதும் ஒன்றல்ல. போர்டு வேலை செய்யவில்லை, காரணம் தெரியவில்லை என்றால், மெக்கானிக் முதலில் சிப்பை மாற்றிப் பார்ப்பார். குறை வேறெங்கோ இருந்து சரியான பிறகும் அந்தப் பழைய சிப் திரும்பப் பொருத்தப்படாது. பதிவேட்டில் அது செலவாகவே இருக்கும். கழற்றிய சிப்களில் ஒரு பிடியை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். பாதி நல்ல சிப்பாக இருந்தால், உங்கள் பழுது வீதம் இரட்டிப்பாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, பதற்றத்தில் வரும் ஆர்டர். சிப் நிற்கப்போகிறது என்ற சேதி கசிந்ததும், டீலர்களும் பெரிய ஆலைகளும் உதிரிப் போர்டுகளை முன்கூட்டியே வாங்கி அடுக்குவார்கள். அந்த மூன்று மாத விற்பனையைப் பார்த்து மதிப்பீட்டை உயர்த்தினால் ஒரே தேவையை இருமுறை எண்ணியதாகிவிடும். அவர்கள் அலமாரியில் இருக்கும் போர்டு நாளைய பழுதுக்குத்தான் பயன்படப்போகிறது. அறிவிப்பு வந்த தேதிக்குப் பிந்தைய ஆர்டர்களைத் தனியே பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மறந்துபோன பொருள். இதே சிப் நிறுவனத்தின் வேறெந்தப் போர்டில் இருக்கிறது என்று பாகப் பட்டியல்களில் தேட வேண்டும். விற்பனை நின்றுபோனாலும் சர்வீஸ் பொறுப்பு இன்னும் முடியாத ஒரு பழைய மாடல், வெளியாரிடம் முழுதாகச் செய்து வாங்கும் ஒரு சின்ன போர்டு, இவையெல்லாம் முக்கியப் பட்டியலில் வராமல் தப்பிவிடும். கடைசித் தேதி போன பிறகு அவை நினைவுக்கு வந்து பயனில்லை.

மதிப்பீடு ஓர் எண், ஆர்டர் வேறோர் எண்

நம் நிறுவனம் 1,576 சிப் வாங்கினால் போதுமா? அது நடுவில் நிற்கும் மதிப்பீடு. உண்மைத் தேவை அதற்கு மேலே போகவும் கீழே நிற்கவும் ஏறத்தாழ சம வாய்ப்பு. அந்த எண்ணை அப்படியே வாங்கினால், பாதிக்குப் பாதி வாய்ப்பில் கடைசி வருடங்களில் சிப் தீர்ந்துபோகும்.

எவ்வளவு தூரம் விலகும் என்பதை முதலில் மதிப்பிட வேண்டும். தயாரிப்புப் பக்கம் பெரிய அபாயம் விற்பனையில் இல்லை, புதிய போர்டின் தாமதத்தில் இருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப்போனாலே இன்னும் 200 சிப் வேண்டும். பழுதுப் பக்கம், 1 சதவீதம் என்று நினைத்தது 1.3 ஆகவோ 0.7 ஆகவோ இருந்தால் 200 சிப் இப்படியோ அப்படியோ நகரும். இரண்டையும் சேர்த்து, மதிப்பீட்டின் வழக்கமான விலகல் 250 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு அபாயமும் ஒரே நேரத்தில் முழுதாக வருவது அரிது என்பதால் அவற்றை அப்படியே கூட்டுவதில்லை.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: கூடுதலாக ஒரு சிப் வாங்கி அது பயன்படாமல் போனால் எவ்வளவு நஷ்டம், வாங்காமல் விட்டு அது தேவைப்பட்டால் எவ்வளவு நஷ்டம்?

மிஞ்சிய சிப்பின் நஷ்டம் 400 ரூபாய் மட்டும் அல்ல. அந்தப் பணம் 12 வருடம் அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது. வருடத்துக்கு 10 சதவீதம் என்று போட்டால் 12 வருட முடிவில் ஏறத்தாழ 1,250 ரூபாய். மறுபக்கம், சிப் இல்லாமல் போனால் பழைய இயந்திரத்துக்கு ஒப்பந்தப்படி புதிய வகைப் போர்டையே தர வேண்டியிருக்கும். அதற்கு 12,000 ரூபாய். சிப் இருந்திருந்தால் 1,250இல் முடிந்திருக்கும் என்பதால் பற்றாக்குறையின் நஷ்டம் 10,750.

ஒரு சிப் குறைந்தால் 10,750 போகிறது, ஒரு சிப் மிஞ்சினால் 1,250 போகிறது. அடுத்து வாங்கும் சிப் தேவைப்பட ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பாவது இருக்கும்வரை அதை வாங்குவது லாபம். கணக்கியலில் இதை ஒரு பின்னமாகச் சொல்வார்கள்: 10,750 வகுத்தல் 12,000, அதாவது ஏறத்தாழ 0.9. பத்தில் ஒன்பது வாய்ப்பில் போதுமானதாக இருக்கும் அளவுக்கு வாங்கு என்பது இதன் பொருள். விலகல் 250 என்றால் அந்த 90 சதவீதத்துக்கு 1.28 மடங்கு, அதாவது 320 சிப் கூடுதலாக வேண்டும்.

1,576உடன் 320 சேர்த்தால் 1,896. கையிருப்பில் 150 நல்ல சிப் இருக்கிறது, கழித்தால் 1,746. முழுப் பெட்டிகளாக 1,750. ஏழு லட்சம் ரூபாய்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். புதிய வகைப் போர்டு 12,000 ரூபாய்க்குப் பதில் வெறும் 2,000 ரூபாயில் செய்ய முடிந்தால், பற்றாக்குறையின் நஷ்டம் 750 ஆகிவிடுகிறது; மிஞ்சுவதன் நஷ்டம் 1,250. அப்போது மதிப்பீட்டை விடக் குறைவாக, 1,500 அளவில் வாங்குவதே சரி. கடைசி வாய்ப்பு என்பதற்காகவே அதிகம் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது, சிப் தீர்ந்துபோனால் கையில் இருக்கும் மாற்று வழியின் விலை.

மாற்று வழி என்றால் என்ன?

மாற்று வழியே இல்லாதவர்கள் வெளிச்சந்தைக்குப் போகிறார்கள். 2002இல் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் கருவிகளுக்காக இன்டெல் 8086 போன்ற பழைய சிப்களை நாசா தரப்பினர் இணைய ஏலத்தளங்களிலும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே விலை மட்டும் பிரச்சினை இல்லை. குப்பைக்குப் போன போர்டுகளிலிருந்து பிடுங்கி, மேற்பரப்பைத் தேய்த்து, புது எண் அச்சிட்டு ‘புதிது’ என்று விற்கும் சிப்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012இல் வெளியிட்ட அறிக்கை, 2009, 2010 இரண்டு வருடத்தில் மட்டும் ராணுவக் கொள்முதலில் போலி எனச் சந்தேகிக்கப்பட்ட ஏறத்தாழ 1,800 சம்பவங்களைக் கண்டது; அவற்றில் சம்பந்தப்பட்ட பாகங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அசிட்டோனால் துடைத்தால் எழுத்து அழிகிறதா, எக்ஸ்ரேயில் ஒரே பெட்டியின் சிப்கள் ஒரேபோல இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைச் செலவும் பற்றாக்குறையின் விலையில் சேரும்.

நம்பகமான வழியும் ஒன்று உண்டு. ராச்செஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் மூலத் தயாரிப்பாளரிடம் உரிமம் பெற்று, மிஞ்சிய சரக்கையும் சில நேரம் சிலிக்கான் வில்லைகளையும் வாங்கி வைத்துத் தொடர்ந்து விற்கின்றன. உங்கள் சிப் அவர்கள் பட்டியலில் வருமா என்று கடைசித் தேதிக்கு முன்பே கேட்டுவிட்டால் 0.9 என்ற அந்தப் பின்னமே மாறக்கூடும்.

வாங்கிய பிறகு

12 வருடம் என்பது ஒரு சிப்புக்கு நீண்ட காலம். சிலிக்கான் கெடாது, அதைச் சுற்றியவை கெடும். கால்களின் வெள்ளீயப் பூச்சு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் சால்டர் ஒட்டாது. மேற்பரப்பில் பொருத்தும் வகைச் சிப்களின் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உறிஞ்சிவைத்து, சால்டர் சூளையின் சூட்டில் உள்ளே விரிசல் விடும். ஈரம் புகாத உறையில், ஈரம் உறிஞ்சும் பையோடும் ஈரங்காட்டும் அட்டையோடும் மூட வேண்டும். அட்டையின் நிறம் மாறியிருந்தால் சூடாக்கி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். உறைக்குத் தொழில் தரநிலை உறுதி தருவது 12 மாதத்துக்குத்தான் என்பதால், நீண்ட கால இருப்பை உலர் நைட்ரஜன் அலமாரியில் வைப்பவர்களும் உண்டு. கடைசிக் கொள்முதல் மின்பகு கெபாசிட்டருக்கோ பேட்டரிக்கோ என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது. அவை அலமாரியிலேயே வயதாகிவிடும்.

ஈரத்தை விடப் பெரிய எதிரி உள்ளுக்குள் இருப்பவர்தான். புதிய போர்டு தாமதமாகும்போது தயாரிப்புப் பிரிவு இருப்பிலிருந்து எடுக்கும். இன்றைய இயந்திரம் போகாவிட்டால் இன்றே வருமானம் நிற்கும், ஒன்பதாம் வருடப் பழுதுக்கு இன்று யாரும் தொலைபேசியில் கத்த மாட்டார்கள். அதனால் சர்வீஸுக்கான சிப்களுக்குத் தனிப் பொருள் எண் கொடுத்து, சர்வீஸ் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாதபடி பூட்டிவைக்க வேண்டும்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளவும் ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. நம் நிறுவனம் 1,900 சிப்போடு தொடங்குகிறது. முதல் வருடம் தயாரிப்புக்கு 510, பழுதுக்கு 62. இரண்டாம் வருடம் 408, 65. மதிப்பீடு சரியென்றால் இரண்டு வருட முடிவில் 855 சிப் இருக்க வேண்டும். இனி வரவேண்டிய பழுதுத் தேவை 531, மீதி பாதுகாப்பு. அலமாரியில் 600தான் இருக்கிறது என்றால், தீர்ந்துபோகும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கழிக்கப்படும் இயந்திரங்களின் போர்டுகளைத் திரும்ப வாங்கிச் சிப்பைக் கழற்றும் வேலையை அன்றே தொடங்கலாம். பத்து வருடம் கழித்துத் தொடங்கினால் அந்தப் போர்டுகள் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

12ஆம் வருடம் எல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்திருந்தால், அலமாரியில் 300க்கு மேல் சிப் மிஞ்சும். தணிக்கையில் யாராவது அதைக் காட்டி, அன்றைக்கு ஏன் இவ்வளவு அதிகம் வாங்கினீர்கள் என்று கேட்பார். அந்தச் சிப்களுக்குக் கொடுத்த விலை ஏறத்தாழ ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் இருக்கும். நூறு போர்டுக்குச் சிப் இல்லாமல் போயிருந்தால் செலவு பன்னிரண்டு லட்சம். எந்த எண்ணை எந்தக் காரணத்துக்காக வைத்தோம் என்பதை ஆர்டர் கொடுத்த அன்றே ஒரு பக்கத்தில் எழுதி, கோப்பில் போட்டுவைப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்காது. மிஞ்சியதைப் பார்த்து முடிவு தவறென்று சொல்ல முடியாது. கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்றுதான் கணக்கே போடப்பட்டது.